இருபத்தாறரை மீட்டர்

என் அண்ணியை ஊரில் பாதிப் பேர் ‘பிரேக் டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் ஒரு நொடி அசந்தால் அந்தக் கால் தானாக இறங்கிவிடும். வீட்டில் என் அண்ணன் வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தாலும் அந்தக் கால் மேஜைக்கடியில் அழுந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. முதல் நாள் யாரும் கார்க் கதவைத் தொடக்கூடாது. தேர்வு அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் தெருவுக்குக் கூட்டிப்போய், நிற்கிற ஒரு வண்டியிலிருந்து இருபத்தேழு எட்டு எடுத்துவைத்து, அத்தனை தூரம் தள்ளி நிறுத்துவார். இருபது மீட்டர். “நம்பர் பிளேட்டைப் படிங்க. படிக்க முடியலன்னா கண்ணாடி போட்டுட்டு வாங்க. கண்ணாடி போட்டும் முடியலன்னா என்கிட்ட வராதீங்க.” தேர்வன்றைக்கும் முதல் வேலை இதுதான். நல்ல பகல் வெளிச்சத்தில் இருபது மீட்டரில் நம்பரைப் படிக்காதவரை, ஆய்வாளர் காரில் ஏறவே விடமாட்டார்.

பதினான்கு வருடமாக அதே தெரு, அதே இடத்தில் நிற்கும் அதே அலுவலக ஊழியர்களின் கார்கள். இதில்தான் வினையே இருந்தது.

நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் பெயரை எழுதி, ஃபிரேம் எடுத்துக் காட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு நர்ஸ் வந்தாள். நாற்பது வயதிருக்கும். அண்ணியிடம் புதிதாகச் சேர்ந்தவள்.

“டீச்சர் அனுப்பினாங்க. கண்ணு சரியில்லையாம். அங்க நின்ன வெள்ளைக் கார் நம்பரை மூணு தடவை படிச்சேன், மூணு தடவையும் தப்புன்னுட்டாங்க.”

எங்கள் கண் பரிசோதகர் உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார். நர்ஸ் எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் கடகடவென்று படித்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

“அந்த வெள்ளைக் கார் நம்பர் என்னன்னு படிச்சீங்க?” என்று கேட்டேன்.

“ஆர் எஃப், எட்டு ரெண்டு ஆறு பூஜ்யம். டீச்சர் என்னமோ ஆர் பி, நாலு ஏழு ஒண்ணு மூணுங்கறாங்க. நானும் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பாத்தேன். அப்படி ஒண்ணும் அங்க இல்லைங்க.”

ஆய்வாளர் ஒருவர் போன வாரம் கார் மாற்றிவிட்டார் என்று கடைக்கு வந்த அலுவலக ஊழியர் ஒருவர் சொல்லியிருந்தார். பழையதும் வெள்ளை, புதியதும் வெள்ளை. அப்படியென்றால் அண்ணி நம்பரைப் படிக்கவில்லை. ஒப்பித்திருக்கிறார்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதம் முன்பு அண்ணி எங்கள் வீட்டில் உட்கார்ந்து, “இங்க பாரு, ஐம்பத்தஞ்சு வயசுல படிக்கற கண்ணாடியைத் தூக்கிப் போட்டுட்டேன். செய்தித்தாள் பளிச்சுன்னு தெரியுது” என்று பீற்றிக்கொண்டார். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்த வயதில் கிட்டத்துப் பார்வை திடீரென்று தெளிந்தால், கண்புரை ஆரம்பிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிட்டத்தில் தெளியும்போதே தூரத்தில் மங்கிக்கொண்டிருக்கும். பதினொரு வருடம் அந்தக் கடையில் நாற்காலி தேய்த்தவளுக்கு இது தெரியாதா? என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்த நர்ஸுக்கு எத்தனை பவர்?” என்றார் நிமிராமல்.

“அவங்களுக்குப் பவரே இல்ல அண்ணி. நீங்கதான் தப்பாச் சொல்லியிருக்கீங்க.”

“நானா? நான் பொறந்த தேதியை மறந்தாலும் மறப்பேன், அந்த நம்பரை மறப்பேனா?”

“மறக்கல. அதான் பிரச்சனையே. அந்தக் காரை மாத்திட்டாங்க.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கத்தியை வைத்துவிட்டு, “வா, தெருவுக்கு” என்றார். வாசலில் எதிர்வரிசையில், யாரோ புதிதாக நிறுத்தியிருந்த பச்சை நிற வண்டி. அண்ணி இருபத்தேழு எட்டு எண்ணி நின்றார். கண்ணைச் சுருக்கினார். தலையைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் முன்னால் நடக்கத் தொடங்கினார். பதினைந்து எட்டுக்கு மேல் போய்த்தான் முதல் எழுத்தைச் சொன்னார்.

திரும்பி வந்தவர் சாவியை எடுத்து என் கையில் திணித்தார். “இன்னைக்கு ஆறு பேரை வண்டியில ஏத்தியிருக்கேன்” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பயிற்றுநர் அனுமதி அட்டையை அவர் புதுப்பிக்க வேண்டியது அன்றிலிருந்து ஒன்பதாவது நாள். அதற்கும் நம்பர் பிளேட் படிக்க வேண்டும். ஆனால் மாணவர்களுக்கு இருபது மீட்டர் என்றால், கற்றுக்கொடுக்கிறவருக்கு இருபத்தாறரை. முதல் வண்டி தவறினால் இரண்டாவது காட்டுவார்கள். அதுவும் தவறினால் டேப் பிடித்து அளந்து மூன்றாவது. அதிலும் தவறினால் அட்டை போச்சு. அண்ணிக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் கிடையாது.

மறுநாள் எங்கள் கடையில் அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். கண் பரிசோதகர் வெகுநேரம் பார்த்தார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். பக்கவாட்டுப் பார்வையைப் புள்ளி வெளிச்சம் காட்டிச் சோதித்தார், அதில் குறையில்லை.

“ரெண்டு கண்ணுலயும் புரை ஆரம்பிச்சிருக்கு. கண்ணாடி இல்லாம ஆறுக்குப் பதினெட்டு. அதாவது மத்தவங்க பதினெட்டு மீட்டர்ல படிக்கறதை நீங்க ஆறு மீட்டருக்கு வந்தாத்தான் படிப்பீங்க. கண்ணாடி போட்டா ஆறுக்கு ஒன்பது வருது.”

“அது போதுமா?”

“சாதாரண லைசென்ஸுக்கு ரெண்டு கண்ணும் சேத்து ஆறுக்குப் பன்னெண்டு வேணும். தாண்டிட்டீங்க. ஆனா உங்களுக்கு இருபத்தாறரை மீட்டர். அது விளிம்புலதான் இருக்கு. இது இருட்டு அறை. வெளிய வெயில் கூசினா புரைக்கண்ணு தடுமாறும். நான் உறுதி சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்கும் எழுதித் தர்றேன், அதுக்கு நாளாகும்.”

கண்ணாடி வர ஏழு நாள். அந்த ஏழு நாளும் அண்ணி மாணவர்களிடம், “கார் பட்டறையில இருக்கு” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் தெரியவில்லை என்று சொன்னால் தலையா போய்விடும்? ஆனால் வாயைத் திறந்தால் சண்டை வரும். அண்ணனும் நானும் அவரெதிரே பூனை மாதிரி நடமாடினோம்.

ஐந்தாவது நாள் போனபோது மடியில் பழைய மாணவர்களின் நோட்டை விரித்து வைத்திருந்தார். ஒரு பெயரில் விரல் நின்றிருந்தது.

“இந்தத் தையல்காரர் ஞாபகம் இருக்கா? போன வருஷம் பாஸ் பண்ணினாரு. முதல் நாள் அவரால படிக்கவே முடியல. கண்ணாடி போடுங்கன்னு சொன்னேன். சரின்னுட்டுப் போனாரு. அடுத்த வாரம் கண்ணாடி இல்லாமயே கடகடன்னு படிச்சாரு. நானும் தலையாட்டிட்டேன்.”

“அதுக்கென்ன?”

“அதே தெரு, அதே கார். என்னை மாதிரியே அவரும் மனப்பாடமா ஒப்பிச்சிருந்தாருன்னா? தேர்வுலயும் அதுல ஒண்ணைக் காட்டியிருந்தாங்கன்னா?”

“இப்பவே போன் பண்ணுங்க.”

அவர் நோட்டை மூடினார். “முதல்ல என் கண்ணு தேறுதான்னு பாக்கறேன். அதுவரைக்கும் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?”

நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாவது நாள் நான்தான் காரை ஓட்டினேன். அண்ணி பக்கத்து சீட்டில் புதுக் கண்ணாடியோடு. வழியெல்லாம் அவர் கால் என் பிரேக்கையும் சேர்த்து மிதித்துக்கொண்டே வந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தெரு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் தெரிந்தவர்தான். பதினான்கு வருடமாக வணக்கம் சொல்லிப் பழகியவர். தூரம் பார்த்து நிறுத்திவிட்டு, “அந்தச் சிவப்புக் காரைப் படிங்க” என்றார்.

அந்தச் சிவப்புக் கார் எனக்கே மனப்பாடம். அண்ணி வாயைத் திறந்தார். நம்பர் நாக்கு நுனியில் இருந்தது எனக்குத் தெரிந்தது. எந்தத் தெய்வமாவது அவரைச் சும்மா சொல்லவைக்காதா என்று நான் வேண்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டினேன்.

“சார், அது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்” என்றார் அண்ணி. “வேற வண்டி காட்டுங்க.”

ஆய்வாளர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தெருக்கோடியில் சாமான் இறக்க வந்து நின்ற வேனைக் காட்டினார். பிளேட்டில் வெயில் பட்டுத் தெறித்தது. அண்ணி மெதுவாகப் படித்தார். கடைசி எண்ணை மூன்று என்றார். அது எட்டு. அடுத்ததாக ஒரு சாம்பல் நிறக் கார். அதில் ஓர் எழுத்தைத் தவறாகச் சொன்னார்.

ஆய்வாளர் உள்ளே போய் டேப் எடுத்துவந்தார். நிழலில் நின்ற ஒரு நீலக் காரிலிருந்து இருபத்தாறரை மீட்டரை அங்குலம் பிசகாமல் அளந்து, தரையில் கோடு போட்டார். அண்ணி கோட்டில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டார். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஆறும் சரி.

“கண்ணாடி இல்லாம இனிமே வண்டியைத் தொடக்கூடாது. பக்கத்து சீட்டுல உக்காந்தாலும் போட்டிருக்கணும். லைசென்ஸ்லயும் அதுக்குண்டான குறியீடு வரும்” என்றார் ஆய்வாளர். “சீக்கிரம் ஆபரேஷனைப் பண்ணிக்குங்க.”

எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. காருக்குள் ஏறியதும் அண்ணி கையைப் பிடித்தேன். அவர் கையை உருவிக்கொண்டு போனை எடுத்தார். நோட்டைப் பார்த்து எண்களை அழுத்தி, நானும் கேட்கும்படி வைத்தார்.

“சொல்லுங்க டீச்சர்” என்றார் தையல்காரர். பின்னால் ஏதோ தெரு இரைச்சல்.

“எங்க இருக்கீங்க?”

“புள்ளைங்களை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர வந்தேன். இப்பதான் வண்டியை விட்டு இறங்கினேன்.”

“எதிர்ல ஏதாவது வண்டி நிக்குதா? இருபது மீட்டர் இருக்கற மாதிரி?”

“நிக்குது டீச்சர்.”

“அதோட நம்பரைச் சொல்லுங்க.”

அவர் எப்போதும் போல மரியாதையாகக் கேட்டார்.

“கொஞ்சம் கிட்ட போய்ப் பாத்துச் சொல்லட்டுமா, டீச்சர்?”

“வேண்டாம். அங்கேயே நில்லுங்க. புள்ளைங்களை வண்டியில ஏத்தாதீங்க” என்றார் அண்ணி. அவர் கால் பிரேக்கில் அழுந்தியிருந்தது. நான் இன்னும் காரைக் கிளப்பவே இல்லை.