தம்பி அனுப்பிய கும்பிடு

போன வருடம் மழைக்காலத்தில், தூத்துக்குடியில் எங்கள் அப்பா வீட்டில் நடந்தது இது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். அக்காவும் நானும் ஊருக்குள்ளேயே இருக்கிறோம். தம்பிக்குச் சரக்குக் கப்பலில் வேலை. நாங்கள் நாலு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம்.

அம்மாவின் நினைவு நாளில் மாதா கோயிலில் பூசை வைத்தோம். அக்கா அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். மறுநாள் காலை அப்பாவிடமிருந்து ஒரு நீளமான செய்தி வந்தது. கீழவைப்பாரில் கணவரை இழந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம், உங்கள் மூன்று பேருக்கும் சம்மதமென்றால் மட்டுமே பங்குச் சாமியாரிடம் பேசுவேன் என்று எழுதியிருந்தார். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு எழுதியிருக்கிறார்.

அக்காவும் நானும் சம்மதம் என்று உடனே எழுதினோம். தம்பியிடமிருந்து மாலையில்தான் பதில் வந்தது. கைகூப்பிய படம் ஒன்று. அவ்வளவுதான்.

அப்பாவைப் பார்க்க ஓடினேன். அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தாள்.

"கும்பிட்டுட்டான்லா, சரின்னுதான் அர்த்தம். ஊறுகாய் அனுப்பட்டுமான்னு கேட்டாலும் இதத்தான் போடுவான்" என்றாள்.

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். "போன மாசம் ஒனக்குப் பொண்ணு பாக்கட்டுமான்னு கேட்டேன். அப்பவும் இதே கும்பிடுதான். ஆள விடுங்கன்னு சொல்லுதான்."

எனக்கு வேறு மாதிரி தோன்றியது. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் தம்பி ஏதாவது ஒரு படத்தைப் போட்டுவிட்டு நழுவிவிடுவான். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். "அந்த அம்மாவ நேர்ல பாத்து வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன். காக்க வைக்கது பாவம்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் போனை வாங்கினேன். குழுவில் ஒரு செய்தியை யார் படித்தார்கள் என்பது அனுப்பியவர் போனில்தான் தெரியும். அப்பாவின் செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தேன். படித்தவர்கள் வரிசையில் அக்கா பெயரும் என் பெயரும் இருந்தன. தம்பியின் பெயர் கீழே, செய்தி போய்ச் சேர்ந்தவர்கள் வரிசையில் இருந்தது. போனுக்குப் போயிருக்கிறது. அவன் இன்னும் திறக்கவில்லை.

"அக்கா, நீ போட்ட பூசைப் படத்தப் பாரு."

அவள் தன் போனில் பார்த்தாள். அதைத் தம்பி பார்த்திருந்தான்.

அந்தக் கும்பிடு அம்மாவுக்கு. கடலில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பூசைப் படத்தைப் பார்த்து அவன் கைகூப்பி அனுப்பியபோது சிக்னல் போயிருக்க வேண்டும். மறுபடி கிடைத்தபோது அது தானாகக் கிளம்பி வந்திருக்கிறது. அதற்குள் அப்பாவின் செய்தி இடையில் விழுந்துவிட்டதால், அதற்குச் சொன்ன பதில் போலக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது. எந்தச் செய்திக்குப் பதில் என்று அவன் தொட்டுக் காட்டியும் அனுப்பவில்லை.

அப்பா போனை வாங்கித் தானும் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்காகத் தம்பி சரி சொல்லிவிடுவான் என்று யாரும் நினைக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவனே அப்பாவைக் கூப்பிட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"படிச்சேம்ப்பா. அம்மா எடத்துல இன்னொரு ஆளான்னு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க ஒத்தையில சாப்பிடுதத நெனச்சா அதவிடக் கஷ்டமா இருக்கு. சாமியார்ட்ட பேசுங்க."

தம்பி ஊருக்கு வந்ததும் கல்யாணம் நடந்தது. அந்த அம்மாவை நாங்கள் இப்போது சித்தி என்று கூப்பிடுகிறோம்.

அன்று நாங்கள் மூன்று பேரும் தம்பியின் மனதைப் படித்ததாக நினைத்தோம். உண்மையில் படித்தது எங்கள் மனதைத்தான். அக்காவுக்கு ஆசை, அப்பாவுக்குப் பயம், எனக்குச் சந்தேகம். இப்போதெல்லாம் யாராவது ஒற்றைப் படத்தைப் பதிலாக அனுப்பினால், எதைப் பார்த்து அனுப்பினார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்; முக்கியமான விஷயமென்றால், குரலைக் கேட்காமல் நானாக எந்த முடிவுக்கும் வருவதில்லை.