நாச்சிமுத்துவின் புகையிலைக் கசாயம்

நாச்சிமுத்து தொட்ட காரியம் எதுவும் துலங்கியதில்லை. கிணறு வெட்டினால் பாறை வரும், வண்டி கட்டினால் அச்சு முறியும். அப்படிப்பட்டவருக்குப் போன கோடையில் திடீரென்று ஒரு பேர் வந்தது. மிளகாய்ச் செடியின் கொழுந்தெல்லாம் சுருண்டபோது, தான் மெல்லும் புகையிலையையே ஊறப்போட்டுக் காய்ச்சி, துணி துவைக்கும் சவுக்காரம் கரைத்து, வேப்பங்கொத்தால் தெளித்தார். பயிர் பிழைத்தது. ஊரே அவரை இலை வைத்தியர் என்றது. மனுசன் துண்டைத் தோளில் போடும் தோரணையே மாறிவிட்டது.

இந்த வருசம் மூடுமழையும் புழுக்கமுமாக இருந்தது. மகள் மாரக்காளைக் கட்டிக்கொடுத்த புதுச்சத்திரத்தில் சம்பந்தி அருணகிரியின் மிளகாய்க் காடு சுருண்டது. “எங்கப்பா வந்தாப் போதுமுங்க, சரியாயிரும்” என்று மாரக்காள் மாமியாரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். நாச்சிமுத்து ஒரு மூட்டைப் புகையிலையோடும் மனைவி குப்பாயியோடும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்.

காட்டுக்குள் இறங்கியதும், “அதேதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஓர் இலையைக் கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

கசாயம் தெளிக்கும்போது குப்பாயிதான் ஒரு செடியருகே நின்று இலையைப் பார்த்தாள்.

“ஏனுங்க, போன வருசம் இலை பரிசலாட்டம் மேல குவிஞ்சுதுங்க. தெளிச்ச தண்ணி அதுக்குள்ள நின்னுச்சு. இது கவுத்த பரிசலாட்டம் கீழ சுருண்டிருக்குது. தண்ணி வழிஞ்சு ஓடுதுங்க.”

“சுருட்டைன்னா சுருட்டைதான் புள்ள. மேல என்ன, கீழ என்ன?”

“எங்க பொறந்தூட்ல கீழ சுருண்டா கந்தகந்தான் தூவுவாங்க.”

“உங்கூட்டுக் கதைய இங்க அவுக்காத. நாலு பேரு பாக்கறாங்க.”

குப்பாயி வேப்பங்கொத்தை மறுபடி கசாயத்தில் முக்கினாள். சம்பந்தி வீட்டில் புருசனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

காடு முழுக்கப் புகையிலை வாடை. களையெடுக்க வந்த பெண்கள் தும்மித் தும்மி, கூலியை உயர்த்திக் கேட்டார்கள். செடியோ, எனக்கென்ன என்று இன்னும் சுருண்டது. இரண்டாம் தடவையும் தெளித்தார். மூட்டை காலியானது. மெல்லக்கூட ஒரு துணுக்கு மிஞ்சவில்லை.

ஊர் திரும்பியவருக்குச் சேதி வந்தது. சம்பந்தியம்மா சுப்பம்மாள், சோறு குழைந்தாலும் பால் திரிந்தாலும், “உங்கப்பன் வைத்தியமாட்டந்தான்” என்கிறாளாம். மாரக்காள் தலையைத் தூக்குவதே இல்லையாம். தன்னைச் சொன்னால் நாச்சிமுத்து துடைத்துப் போட்டுவிடுவார், சொல்லாத ஆளா ஊரில்? பெண்ணைச் சொன்னது நெஞ்சைச் சுட்டது.

“பொறப்படு புள்ள” என்றார் மறுநாள் விடிந்ததும்.

புதுச்சத்திரத்துக் காட்டில், வாழ்நாளில் முதல்முறையாக, குனிந்து ஓர் இலையைப் பார்த்தார். ஓரங்கள் கீழ் நோக்கி மடிந்திருந்தன. காம்பு நீண்டு, இலை ஒடுங்கிக் கிடந்தது. குப்பாயி கொழுந்தை அவர் வேட்டி மேல் தட்டினாள்.

“போன வருசம் தட்டுனா உமியாட்டம் மஞ்சப் பூச்சி ஓடுச்சுங்களே, பேனு. இதுல ஒண்ணாச்சும் ஓடுதா? இது செடிச் சிலந்தி, வலை கட்டறதில்லீங்க. தூசியாட்டம், கண்ணுக்கே ஆம்படாது. அடிப்பக்கம் இருந்து உறிஞ்சுது.”

நாச்சிமுத்து நேரே சம்பந்தி வீட்டு வாசலுக்குப் போனார். அருணகிரி, சுப்பம்மாள், கூலியாட்கள் எல்லாரும் இருந்தார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

“சம்பந்தி, தப்பு எம்மேலதானுங்க. இலை மேல குவிஞ்சா பேனு, அதுக்குத்தான் புகையிலை. கீழ சுருண்டா சிலந்தி, அதுக்குக் கந்தகம். எம்பொஞ்சாதி அன்னைக்கே சொன்னா. நாந்தான் கேக்கல. எம்புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

அருணகிரி மீசையைத் தடவினார். சம்பந்தி என்ற சாதி தப்பை ஒப்புக்கொள்வதை அவர் கேள்விப்பட்டதே கிடையாது.

“தப்புன்னு சொல்றவரு பேச்ச நம்பலாமுங்க. ஏப்பா, போயிக் கந்தகம் வாங்கியா” என்று ஒரு கூலியாளைப் பார்த்துச் சொன்னார்.

நாட்டு மருந்துக் கடைக் கந்தகத்தை மாவாக அரைத்து, மெல்லிய துணியில் முடிந்து, பனி காயாத காலையில் செடிக்குச் செடி உதறினார்கள். குப்பாயி முன்னே போனாள், நாச்சிமுத்து பின்னே போனார். அடியிலை வரைக்கும் தூள் போக வேண்டுமென்று அவள் அதட்ட, அவர் குந்திக் குந்தி உதறினார். முதுகு கழன்றுவிடும்போல் இருந்தது. வெயில் ஏறினால் இலை கருகிவிடுமென்று அவளே நிறுத்தவும் சொன்னாள்.

சுருண்ட இலை சுருண்டதுதான், நிமிரவில்லை. ஆனால் பிறகு விட்ட கொழுந்து அகலமாக, நேராக வந்தது. சேதி கேட்டு இருவரும் பார்க்கப் போனார்கள். சுப்பம்மாள் பக்கத்துக் காட்டுக்காரியிடம், “மேல குவிஞ்சா பேனு, கீழ சுருண்டா சிலந்தி, இது கூடத் தெரியாதா உனக்கு?” என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் சம்பந்தி வீட்டுப் பந்தியில் மாரக்காள் பரிமாறினாள். மாமியாரைக் கேட்காமலே அப்பன் சோற்றில் நெய்யை இன்னொரு கரண்டி ஊற்றினாள். சுப்பம்மாள் பார்த்தாள், பார்த்துவிட்டு ரசம் எடுத்துவர உள்ளே போனாள்.