ஏழு தலையும் ஓர் அடுப்பும்

கூரையிலிருந்து சிமென்ட் பாளம் விழுந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் என் தலையணை மேல் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. மேலே துருப்பிடித்த இரண்டு கம்பிகள் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. ராயபுரத்தில் கடல் காற்றுக்குக் கம்பி துருப்பிடிப்பது வழக்கம்தான். ஆனால் இது காற்று செய்த வேலை இல்லை. என் அறைக்கு நேர் மேலே தம்பியின் பாத்ரூம். கூரையில் ஈரம் பரவுகிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்துக் கட்டிய வீடு அது. கீழே அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், பின்னறையில் நான். மாடியில் தம்பியும் அவன் மனைவியும். அண்ணன் கன்டெய்னர் யார்டில் மேஸ்திரி. தம்பிக்கு மணலியில் கம்பெனி வேலை, அவன் மனைவி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸில் சரக்குக் காகிதங்கள் தயார் செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, அதற்காக ஒப்பாரியும் வைக்கவில்லை. சமையல் ஏழு பேருக்கும் ஒரே அடுப்பில், அண்ணி கையால்.

செலவுக்கு எங்கள் வீட்டில் ஒரே விதி: மூன்று பங்கு. அம்மா போன பிறகு அண்ணன் போட்ட விதி. கரண்ட் பில், மளிகை, மீன், கேஸ் எல்லாம் மூன்றாகப் பிரியும். மளிகை, கேஸ், மீன் சேர்த்து மாதம் இருபத்தோராயிரம் என்றால் ஆளுக்கு ஏழாயிரம். நாலு பேர் சாப்பிடும் அண்ணனும் ஏழாயிரம், ஒண்டிக்கட்டையான நானும் ஏழாயிரம். தம்பி வீட்டில் இரண்டு சம்பளம் வந்தாலும் ஒரு பங்குதான். பணம் கொடுக்கும்போது நான் ஒரு முழுக் குடும்பம். ஏதாவது முடிவெடுக்கும்போது மட்டும், 'நீ சும்மா இரு, உனக்கின்னா தெரியும்.' இதையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். குடும்பத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் லாபம் பார்த்தவர்கள் என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் உறைத்தது.

கொத்தனார் வந்து பார்த்தார். உளியால் இரண்டு தட்டுத் தட்டியதும் இன்னும் ஒரு கூடை உதிர்ந்தது. "கீழ பூசறதுக்குப் பதினாலாயிரம் ஆவும்மா. கம்பி துருவ சுரண்டி, மருந்து அடிச்சி, அப்பால பூசணும். ஆனா மேல பாத்ரூம் தரைய பேத்து, தண்ணி எறங்காம போட்டாதான் இது நிக்கும். அதுக்கு இருவத்தெட்டு. மேல செய்யாம கீழ மட்டும் செஞ்சா அடுத்த மழைக்குள்ள மறுபடி உன் தலையில தான்" என்றார். மொத்தம் நாற்பத்திரண்டாயிரம்.

அன்று சாயங்காலமே ஹாலில் உட்கார்ந்து பேசினோம். தம்பி நிதானமாகச் சொன்னான்: "அக்கா, உன் ரூமு கூரை, நீதான் பாத்துக்கணும். எங்க பாத்ரூம் நல்லாதான் கீது. டைல்ஸ பேத்துட்டு நாங்க எங்க போறது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "அவன் சொல்றதும் கரீட்டு தானேம்மா. நீ தானே அங்க படுக்கற" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மாடியில் ராத்திரி பத்து மணி நேரம் ஏசி ஓடும். அந்த ஏசி வந்த பிறகு எங்கள் மீட்டர் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாத பில்லே கிடையாது. ஐந்நூறைத் தாண்டினால் அதற்கு மேல் ஓடிய யூனிட்டுக்கு மட்டுமா விலை ஏறுகிறது? ஐந்நூறுக்குள் மலிவாக இருந்த யூனிட்டுக்கும் சேர்த்து ஏறுகிறது. ஒரு ஃபேன், ஒரு ட்யூப்லைட் வைத்திருக்கும் நான் அந்த ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப மேல ஓடற ஏசிக்கு நான் ஏண்டா குடுக்கணும்? நான் அங்க வந்து படுக்கறேனா?" என்று கேட்டேன். "கூரை என்னோடதுன்னா கரண்டும் அவங்கவங்களோடது. சோறும் அவங்கவங்களோடது. இன்னிக்கே பிரிப்போம்."

பிரித்தேன். மாடி லைனுக்குத் தனியாக ஒரு சப்-மீட்டர் என் செலவில் மாட்டினேன். மேலே எத்தனை யூனிட் ஓடுகிறதோ அந்த விகிதத்துக்கு மொத்த பில்லில் அவன் கட்ட வேண்டும். ஃபிரிஜ்ஜும் தண்ணி மோட்டாரும் எல்லாருக்கும் பொது என்பதால் அதற்கு ஒரு தோராயம் போட்டு மூன்றாகப் பிரித்தேன். மளிகையைத் தலைக்கணக்கு ஆக்கினேன். ஏழு தலை, தலைக்கு மூவாயிரம். தம்பி ஆறாயிரம், நான் மூவாயிரம், அண்ணன் பன்னிரண்டாயிரம். எனக்கு மிச்சமாகும் பணத்தில் கூரையை நானே பூசிக்கொள்வேன், இவன்கள் யார் தயவும் வேண்டாம் என்று கருவிக்கொண்டேன்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. யார்டில் ஓவர்டைம் வேலை நின்றுபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது. "புள்ளைங்களுக்குமா தலைக்கணக்கு?" என்றார்.

"பெரியவன் என்னவிட நாலு இட்லி அதிகமா துன்றான்ணா" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது அண்ணி சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை என் டிபன் பாக்ஸ் மேடையில் கவிழ்ந்தபடியே இருந்தது. தம்பி பாக்ஸும், அவன் மனைவி பாக்ஸும் அப்படியே. நாலு மணிக்கு எழுந்து மூன்று பாக்ஸ் கட்டி, பிள்ளைகளுக்கும் அண்ணனுக்கும் கட்டுகிற அண்ணி அன்றைக்கு அடுப்பைத் துடைத்துவிட்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு இன்னா அண்ணி?" என்று கேட்டேன்.

"ஆக்கிட்டேன் பாப்பா. நாலு தலைக்கு."

அவ்வளவுதான் பதில். சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிலிண்டர் அண்ணன் பெயரில், ஆனாலும் அடுப்பைத் தொடாதே என்று அவர் சொல்லவில்லை. அரிசி என் பங்குக்கு அளந்து தனி டப்பாவில் வைத்திருந்தார், ஒரு மணி குறையாமல். பருப்பு, எண்ணெய், புளி எல்லாம் அப்படியே. எடுத்துச் சமைத்துக்கொள் என்று அர்த்தம். ஆபீஸ் விட்டு ஏழரைக்கு வந்து நான் உலை வைத்தால் சாப்பிடும்போது மணி ஒன்பது ஆனது. தம்பியும் அவன் மனைவியும் ஓட்டலில் சாப்பிட்டார்கள். இரண்டு வேளை, இரண்டு பேர். முதல் நாள் ஜம்பமாகப் பார்சலைப் பிரித்தான். ஐந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

என் கோபம் அண்ணி மேல் திரும்பியது. மறைக்க ஒன்றுமில்லை. நான் சண்டை போட்டது ஆம்பிளைகளோடு, இவள் எதற்கு என் வயிற்றில் அடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எட்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த எட்டு நாளும் உதிரும் கூரைக்குக் கீழே படுக்கப் பயந்து, ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன்.

ஒன்பதாம் நாள் தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். "எத்தினி நாளிக்கு அண்ணி இது? பேஜாரா பூட்ச்சி."

அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "அவ ரூமு கூரைய எல்லாரும் சேந்து போடற வரிக்கும்."

நான் ஹாலில் இருந்தேன். காதில் விழுந்தது சரிதானா என்று எழுந்து போனேன்.

"இது மூணு பேரு வூடு. உங்கப்பன் கட்னது" என்று அண்ணி தம்பியிடம் சொன்னார். "கூரை வூட்டோடது. பாத்ரூம் தரையும் வூட்டோடது. நாப்பத்திரண்ட மூணா பிரிச்சா ஆளுக்குப் பதினாலு. அந்தப் பணம் என் கையில வர்ற அன்னிக்கு ஏழு பேருக்கு ஒல வெப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உம்மேலயும் கோவம்தான். என் புள்ள இட்லிய எண்ணின இல்ல? அந்த இட்லிக்கு மாவு ஆட்னது யாருன்னு எண்ணினியா?"

என்னை ஒரு குடும்பமாக எண்ணிப் பணம் பிடுங்கினார்கள் என்று கொதித்தவள் நான். அண்ணியை நான் எண்ணியது ஒரு வாயாக மட்டும். தம்பி செய்த அதே வேலையை நானும் செய்திருக்கிறேன், பேப்பரில் கோடு போட்டு.

அந்த வாரமே பதினாலாயிரம் மூன்று முறை அண்ணி கைக்குப் போனது. தம்பி முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தான். மாடி பாத்ரூம் தரையைப் பேர்த்தபோது குழாய் ஓரம் முழுக்க விரிசல். கொத்தனார் அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வேலை முடிந்த அன்று நான் கணக்கைத் திருத்தினேன். ஏழு தலையை ஆறாக்கி, அண்ணி தலையை அடித்துவிட்டு அவரிடம் காட்டினேன். பெரிய மனது காட்டுகிறேன் என்று எனக்கு நினைப்பு.

"என் தலைய ஏன் அடிக்கற? நான் இன்னா விருந்தாளியா, நானும் தானே துன்றேன்" என்றார். "அது இருக்கட்டும். ஆக்கறதுக்குக் கூலின்னு ஒரு வரி எழுது. ஏழாயிரம்."

"வூட்ல ஆக்கறதுக்குக் கூலியா?" என்று தம்பி கேட்டான்.

"அத்தினி நாளு ஓட்டல்காரனுக்குக் குட்த்தியே, அது இன்னாது?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். அண்ணி அவரையும் ஒரு பார்வை பார்த்தார். எழுதினேன். மாதம் இருபத்தெட்டாயிரம், தலைக்கு நாலாயிரம். அண்ணன் பதினாறு கொடுக்கிறார், அதில் ஏழு அவர் வீட்டுக்கே திரும்பி வருகிறது. ஆனால் அவர் பையில் விழாது. அண்ணியின் பேங்க் கணக்கில் விழும். அடுத்த கரண்ட் பில்லில் மாடி மீட்டர் பாதிக்கு மேல் காட்டியது. தன் பணம் என்றதும் தம்பி ஏசியை இருபத்தாறில் வைத்து, விடியற்காலையில் எழுந்து அணைக்கப் பழகிவிட்டான். அதற்கடுத்த பில் ஐந்நூறுக்குள் வந்தது. தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு லீவு. அன்றைக்கு யார் அடுப்படிக்குப் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் நான் போனேன். காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கி, சர்ச்சில் பூசை முடிந்து எல்லாரும் வருவதற்குள் குழம்பு வைத்தேன். முதன்முறையாக அண்ணி எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார். "பரவால்ல. கூலி இல்லாம ஆக்கினது தானே."