டிவியின் முதுகைப் பார்க்கும் பெண்

உத்தமபாளையத்தில் வைகுண்டராஜின் டிவி கடைக்கு வருகிறவர்களுக்கு இவாஞ்சலினைப் பிடிக்காது. பணம் கட்டியாயிற்று, ஆட்டோ வாசலில் நிற்கிறது; பில் போடும் இந்தப் பெண்ணோ அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொல்வாள். டிவியின் முதுகில் உள்ள சீரியல் நம்பரை ஸ்கேன் செய்து, பெட்டி மேலுள்ள நம்பரோடு ஒத்துப்பார்த்த பிறகே பில் வரும். வாரண்டி டிவிக்குத்தான், அட்டைக்கு இல்லை என்பது அவள் கட்சி.

"ஏத்தா, மாட்டுச் சந்தையில பல்லப் பாக்குற மாதிரியில்ல பாக்குற!" என்பான் விற்பனையாளன் ரெக்ஸ். கடையே சிரிக்கும்.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு பெட்டியைப் பிரித்தபோது யாரும் சிரிக்கவில்லை. உள்ளே இருந்தது எக்ஸ்சேஞ்சில் வாங்கிப்போட்ட பழைய டிவி; புதியதை யாரோ எடுத்துவிட்டு இதை வைத்து ஒட்டியிருந்தார்கள். குடோனில் பெட்டிகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு எப்போதும் சரியாகவே வரும். அதுதான் கோளாறு.

குடோன் சாவி சுமை இறக்கும் செல்வமணியிடம். அவசரம் என்று யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிற ஆள்.

"ஏலே, சாவி ஒங்கிட்டதானல இருந்துச்சு? ஸ்டேஷன்ல ஒம் பேரத்தான் எழுதிக் குடுக்கப் போறேன்" என்றார் வைகுண்டராஜ்.

"புள்ளைக மேல சத்தியமா நான் எடுக்கல அண்ணாச்சி."

இவாஞ்சலின் குறுக்கே வந்தாள். "ஆள் பேரு எதுக்கு அண்ணாச்சி? பெட்டி மேல இருக்குற டிவி நம்பர எழுதிக் குடுங்க. அது எங்கன ஓடுனாலும் அந்த நம்பரோடதான் ஓடும்."

புகாரில் நம்பர் மட்டும் ஏறியது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் அவளே எழுதினாள்: இது எங்கள் கடைக்கு வந்த டிவி, விற்கவில்லை, ரிப்பேருக்கு வந்தால் சொல்லுங்கள். ஆனாலும் உண்மை தெரியும்வரை செல்வமணி வேலைக்கு வராமல் வீட்டில் இருக்கவேண்டும் என்றார் முதலாளி. டிவி விற்றுப் பிழைக்கும் இவாஞ்சலின், ஞாயிறு பூசையில் முழங்காலிட்டு ஒரு டிவி கெட்டுப்போக வேண்டுமென்று மன்றாடினாள்.

கேட்டது கிடைத்தது. வருசநாட்டில் சுந்தர்ராஜ் என்பவர் வீட்டில் திரை நடுவே கோடு விழுந்தது. கம்பெனிக்குப் போன் போட்டு நம்பரைச் சொன்னார். "இது விற்ற டிவியே இல்லை, பில் வேண்டும்" என்று கடையின் பெயரைச் சொன்ன கம்பெனிக்காரர்கள், கடைக்கும் தகவல் சொன்னார்கள். மனிதர் கோபமாக நேரிலேயே வந்துவிட்டார்.

"பில்லு குடுக்காம வித்துப்புட்டு வாரண்டி இல்லன்னா என்னய்யா அர்த்தம்?"

"யாருங்க வித்தாக?" என்றாள் இவாஞ்சலின், தெரியாதவள் போல.

"டிஸ்ப்ளே பீசு, பில்லு இல்லாம கம்மியா தாரேன்னு வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தாப்ல. இந்தா, ஃப்ரிட்ஜ் காட்டிக்கிட்டு நிக்கிறாப்லல்ல, இவருதான்!"

ரெக்ஸின் கை ஃப்ரிட்ஜ் கதவிலேயே நின்றுவிட்டது. வாய்ப்பேச்சில் யாரையும் மடக்குகிறவன், அவசரம் என்று செல்வமணியிடம் சாவி வாங்கி டிவியை மாற்றியதை ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டான்.

செல்வமணியை வைகுண்டராஜே பைக்கில் போய் அழைத்துவந்தார். மறுவாரம் தங்கையின் புதுவீட்டுக்கென்று தாமே ஒரு டிவி எடுத்து, பெட்டியோடு கவுண்டருக்கு வந்தார்.

இவாஞ்சலின் ஸ்கேனரைக் கையில் எடுத்தாள்.

"எனக்குமா ஆத்தா?"

"ஒங்களுக்கும்தான் அண்ணாச்சி."

செல்வமணி ஏற்கனவே டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தான்.