பதினான்கு நொடி ஆகாத ஸ்பிரிங்

பேரையூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து பிளஸ் டூ வரை படித்த முதல் பெண் என்ற பெயரை பாண்டிமீனா ஜெயித்தாள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் தினக்கூலி உதவியாளர் வேலையை எழுபத்தெட்டுப் பேரோடு போட்டியிட்டு ஜெயித்தாள். மூன்றாம் வருடம் எடைக்கற்கள் பெட்டியின் சாவியை ஜெயித்தாள். ஐந்தாம் வருடம், உட்கார ஒரு ஸ்டூல். அதைக் கேட்டு வாங்க மட்டும் நான்கு மனு எழுத வேண்டியிருந்தது.

ஜெயிக்காமல் இருந்தது ஒன்றுதான். ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டை அவள்தான் எழுதுவாள். முத்து முத்தான கையெழுத்து. கையொப்பம் மட்டும் பொறுப்பாசிரியர் குருபிரசாத்துடையது.

ஆறாம் வருடம் ஜூன் மாதம், ஒரு ஜோடி ஸ்பிரிங்கில் தொலைந்துபோன ஒன்றுக்குப் பதிலாகப் புதிது வந்தது. அவள் விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"சார், இதுல கம்பி தடிச்சிருக்கு. பழசோட சேராது."

"நீளம் ஒண்ணுதானே? ஜோடின்னு எழுதும்மா."

எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

நவம்பரில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஜெயபாண்டி. இரண்டு ஸ்பிரிங்கையும் ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டி, இருநூறு கிராம் எடையைத் தொங்கவிட்டு, இருபது அலைவுக்கு நேரம் பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஒரே கொக்கியில் அதே எடையைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் சொன்னது தளர்ந்து மெதுவாக ஆடும். இரண்டாவது இறுகி வேகமாக ஆடும். இரண்டும் ஒரே மாதிரி ஸ்பிரிங் என்றால், முதல் நேரம் இரண்டாவதைப் போல் சரியாக இரண்டு மடங்கு வரும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

காலையில் வந்த மாணவிகள் எல்லோரும் இரண்டு மடங்கு என்றே எழுதினார்கள். இருபத்தெட்டு நொடி, பதினான்கு நொடி. எல்லோருக்கும் முழு மார்க்.

மதியம் சரண்யாதேவி என்கிற மாணவி எழுதியது இருபத்தெட்டும் பதினொன்றும். இரண்டரை மடங்கு.

ஜெயபாண்டி சிவப்புப் பேனாவைத் திறந்தார். "எண்ணவே தெரியலையேம்மா உனக்கு? ரீடிங்குக்குச் சைபர். அடுத்த செமஸ்டர் வந்து எழுது."

"மூணு தடவ பாத்தேன் சார்..." என்றாள் சரண்யா.

எடைக்கற்களைத் துடைத்துக்கொண்டிருந்த பாண்டிமீனாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அந்தப் பெண் மூன்று முறை எண்ணியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். காலையில் வந்தவர்களில் பாதிப் பேர் நொடி எண்ணும் கடிகாரத்தையே அமுக்கவில்லை, அதையும் பார்த்திருந்தாள்.

"சார், இந்த ரெண்டு ஸ்பிரிங்குல பதினாலு நொடி வரவே வராது."

குருபிரசாத் திரும்பினார். "மீனா, நீ போய் வேலையப் பாரு."

"இதுதான் சார் என் வேலை. வருசம் முச்சூடும் இத மாட்டிக் கழட்டுறவ நாந்தான். பாத்தத எழுதுன பிள்ளைக்குச் சைபரு, பாக்காம எழுதுனவங்களுக்கு அம்புட்டு மார்க்கா? எந்த ஊரு நியாயம் சார் இது?"

"அட்டெண்டர் வந்து எனக்கு ஃபிசிக்ஸ் சொல்லித்தரணுமா?" என்றார் ஜெயபாண்டி.

"சொல்லித்தர வேணாம் சார். தொங்கவிட்டுப் பாருங்க, போதும்."

அவர் அனுமதிக்குக் காத்திராமல் ஸ்பிரிங்குகளைத் தனித்தனியாக மாட்டி, ஒவ்வொன்றிலும் நூறு கிராம் போட்டாள். பழையது ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் இறங்கி நின்றது. புதியது ஐந்தைத் தாண்டவில்லை.

ஜெயபாண்டி எழுந்து வந்தார். அளவுகோலைத் தானே பிடித்துப் பார்த்தார். தாளில் கணக்குப் போட்டார்: விறைப்பைச் சொல்லும் சுருள் மாறிலி பழையதுக்கு ஐந்து, புதியதுக்கு இருபது. ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினால் சேர்ந்து நான்கு. பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் இருபத்தைந்து. இருபத்தைந்தை நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இரண்டரை. கடிகாரத்தை வாங்கி இருபது அலைவை அவரே எண்ணினார். பதினொன்று புள்ளி இரண்டு.

சைபரை அடித்துவிட்டு முழு மார்க் போட்டார். காலையில் வந்த பதினான்குகளின் மார்க்கை அப்படியே விட்டுவிட்டார்.

"இது ஜோடி இல்லைன்னு ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் குருபிரசாத்திடம்.

குருபிரசாத் பதிவேட்டைப் புரட்டினார். ஜூன் மாதப் பக்கத்தில் 'ஜோடி' என்ற சொல்லுக்கு எதிரே அவர் கையெழுத்தே இருந்தது. மூடி வைத்தார். "மாத்தி மாட்டுனது யாரோ! லேப்ல கை வைக்கிறது மீனாதான். நான் போட மாட்டேன்."

"நீங்க போட வேணாம் சார்" என்றாள் பாண்டிமீனா.

பதிவேட்டை இழுத்துப் பிரித்தாள். 'ஜூனில் வந்த ஸ்பிரிங் கம்பி தடித்தது, நான்கு மடங்கு விறைப்பு, பழையதோடு ஜோடி சேராது. அன்றே சொன்னேன்' என்று எழுதினாள். பேனாவின் முனை தாளில் அழுந்தியது. ஜெயபாண்டி பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அடியில், ஆறு வருடம் இன்னொருவர் பெயருக்கென்று காலியாக விட்டு வந்த கட்டத்தில், தலைப்பெழுத்தோடு முழுப் பெயரையும் போட்டாள்.

சு. பாண்டிமீனா, 9.11.2023.