மங்களம் சொன்ன வாக்கியம்

ஆப் செய்துகொடுக்கிற வெங்கட்டின் கம்பெனியில் தமிழை ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் கவிப்பிரியா ஒருத்திதான். அதனால்தான் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. கம்பெனி என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் டீக்கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு பேர், சத்தம் போடும் ஒரு ஏசி. கவிப்பிரியா வெள்ளானூரிலிருந்து பஸ் மாறி வருவாள். அவள் அப்பா ஏகாம்பரம் நாற்று நட்ட வயலில் இப்போது பிளாட் போட்டு விற்கிறார்கள். அவரோ ஒரு குடோனில் மூட்டை இறக்குகிறார். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு காலேஜில் படித்து, அந்த வீட்டிலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் அவள்.

நாலு தெரு தள்ளி ஒரு பிரஸ் ஷாப். தகடு வெட்டி வளைத்து வண்டிப் பாகம் செய்கிற இடம். அங்கே மிஷின் ரிப்பேர் விவரங்களை எழுதிவைக்க ஓர் ஆப் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். மிஷினில் ஏதாவது கோளாறு என்றால் மெயின்டெனன்ஸ்காரர் அதில் பதிவு செய்வார். அடுத்து வேலைக்கு வருகிறவர் தன் நம்பரைப் போட்டதும் சிவப்புப் பெட்டியில் எச்சரிக்கை வரும். படித்துவிட்டு 'சரி' என்று அமுக்கினால்தான் வேலை தொடங்கலாம். ஆப் வருவதற்கு முன்பெல்லாம் கோளாறான மிஷினில் ஒரு சிவப்புப் பலகையைத் தொங்கவிடுவார்கள். ஆப் வந்ததும் பலகையைக் கழற்றி ஸ்டோருக்குள் போட்டுவிட்டார்கள்.

"இங்கிலீஷ் போதும்மா," என்றார் வெங்கட்.

"சார், மிஷின் ஓட்டுறவங்க பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வராது. தமிழும் வைக்கணும்," என்று அடம்பிடித்தவள் கவிப்பிரியாதான். நல்லதைச் செய்யப் போனாள், பாவி. இதை மறக்காமல் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை ஒன்றும் மாயமில்லை. இரண்டு ஃபைல், ஒன்று இங்கிலீஷுக்கு, ஒன்று தமிழுக்கு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பெயர், இரண்டு ஃபைலிலும் அதே பெயர். திரை வரையப்படும்போது ஆப் பெயரைச் சொல்லிக் கேட்கும், அப்போது எந்த மொழி நடப்பில் இருக்கிறதோ அந்த ஃபைலிலிருந்து வாக்கியம் வரும். மூலையில் 'தமிழ்', 'English' என்று இரண்டு பொத்தான். அமுக்கினால் திரை அந்த நொடியே மாறும், பக்கத்தை மறுபடி திறக்கவே வேண்டாம்.

தமிழ் ஃபைலை ரூமுக்குள் உட்கார்ந்து எழுத அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் தாளும் பேனாவுமாக ஷாப்புக்கே போனாள். சாப்பாட்டு நேரம். பட்டாபிராமிலிருந்து வருகிற மங்களம் என்ற அம்மாள், பதினோரு வருஷமாக மூன்றாம் நம்பர் பிரஸ் ஓட்டுகிறவள், டிபன் பாக்ஸை மூடிவிட்டு, கவிப்பிரியா எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பாதுகாப்பு உணரி செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது.'

"இன்னாம்மா இது, கோர்ட்டு நோட்டீஸ் மாரி கீது?" என்று சிரித்தாள் மங்களம். "எவளுக்குப் புரியும்? நான் சொல்றேன் எழுது. சென்சார் வேலை செய்யல. உள்ள கை வெக்காதீங்க. அவ்ளோதான்."

கவிப்பிரியா எழுதிக்கொண்டாள். கூடவே இருபது வாக்கியங்களை மங்களம் வாயாலேயே மாற்றிக்கொண்டாள். கிளம்பும்போது, "நான் சொன்னது டிவி பொட்டில வருமா?" என்று மங்களம் கேட்டாள். டேப்லெட்டில் வரும் என்றாள் கவிப்பிரியா.

ஏழு மாதம் ஓடியது. எல்லாரும் மெச்சினார்கள்.

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் நம்பர் பிரஸ் மங்களத்தின் வலக்கையை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம்.

நடந்தது இதுதான். அந்த மிஷினுக்கு முன்னால் கை நீண்டால் நிறுத்துகிற சென்சார் ஒன்று உண்டு. சும்மா சும்மா நின்றுபோகிறது என்று மெயின்டெனன்ஸ் ரவிச்சந்திரன் காலையில் அதைத் தற்காலிகமாகத் துண்டித்தார். இங்கிலீஷுக்கு மாற்றியதும் டேப்லெட் ஹேங்காகி நின்றுவிட்டதால் அணைத்துப் போட்டு, இங்கிலீஷிலேயே திறந்து, முறையாகப் பதிவும் செய்தார். அப்புறம் மங்களம் வந்தாள். நம்பர் போட்டாள், தமிழ் பொத்தானை அமுக்கினாள், சிவப்புப் பெட்டி வந்தது, 'சரி' அமுக்கினாள். சென்சார் இருக்கிற தைரியத்தில் தினமும் செய்வதைப்போலத் தகட்டை உள்ளே தள்ளினாள்.

சாயந்திரத்துக்குள் மேனேஜர் தங்கவேல் ஆப்பின் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். அதில் வரி வரியாக இருந்தது: காலை ஆறு பதினொன்று, மங்களத்தின் நம்பர், சென்சார் எச்சரிக்கை, மொழி தமிழ், ஒப்புக்கொண்டார். "இதுக்கு மேல இன்னா சார் வேணும்? அவங்க பாஷையிலேயே சொல்லிருக்கு. படிச்சிட்டு ஓகே பண்ணிட்டாங்க. அஜாக்கிரதை," என்றார். விசாரணைக் கமிட்டி வெள்ளிக்கிழமை உட்கார்வதாக முடிவாயிற்று.

கவிப்பிரியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. படித்திருந்தால் மங்களம் கை வைத்திருக்க மாட்டாளே! அந்த வாக்கியமே அவள் சொன்னதாயிற்றே! மறுநாள் சீக்கிரமே வந்து, தன் கம்ப்யூட்டரில் ஆப்பைத் திறந்தாள். தமிழில் வந்தது, எச்சரிக்கையும் தமிழில் வந்தது. எப்போதும் அப்படித்தான் வரும். கடைசியாக வைத்த மொழியை ஆப் நினைவில் வைத்திருக்கும், அவளோ எந்நாளும் தமிழில்தான் வைத்திருந்தாள். பிறகு ரவிச்சந்திரன் செய்ததைப்போலவே செய்து பார்த்தாள். இங்கிலீஷில் வைத்து, மூடி, திறந்தாள். அப்புறம் தமிழ் பொத்தானை அமுக்கினாள்.

தலைப்பு தமிழானது. மிஷின் பெயர் தமிழானது. பொத்தான் 'சரி' ஆனது. சிவப்புப் பெட்டிக்குள் மட்டும் இங்கிலீஷ் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஆப்பின் கோடிங்கைத் திறந்தாள். அவள் கைப்பட எழுதியது. எச்சரிக்கை வாக்கியங்களை மட்டும் அந்தக் கோடிங் ஃபைலின் உச்சியில் ஒரு பட்டியலாகச் சேர்த்து வைத்திருந்தாள், பார்க்க அழகாக இருக்கும் என்று. அந்த இடத்தில் எழுதினால், பக்கம் திறக்கும்போது ஒரே ஒரு தரம்தான் வாக்கியத்தைக் கேட்டு வாங்கும். திறக்கும்போது இங்கிலீஷ் என்றால், பக்கத்தை மறுபடி திறக்கிறவரை இங்கிலீஷ்தான். மற்றதெல்லாம் திரை வரையும்போதெல்லாம் புதிதாகக் கேட்டு வாங்குவதால் மாறிவிடுகிறது. பதிவேடும் ஒரு பொய்யைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. மூலையில் எந்த மொழி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியதே ஒழிய, பெட்டிக்குள் என்ன மொழி தெரிந்தது என்று அதற்குத் தெரியாது.

ரவிச்சந்திரனுக்குப் போன் போட்டாள். "ஆமாம்மா, நான் இங்கிலீஷ் மாத்தினாலும் சில நாள் அந்தப் பெட்டி மட்டும் தமிழ்லயே நிக்கும். நீங்க வேணும்னே அப்டி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். எனக்குத்தான் தமிழ் தெரியுமே, எதுக்குச் சொல்லணும்?" என்றார். ஏழு மாதமாகப் பார்த்திருக்கிறார், மகராசன்!

அவள் கை தானாகத் திருத்தியது. பட்டியலை எடுத்துவிட்டு, பெட்டி திறக்கும்போது வாக்கியத்தைக் கேட்கும்படி மாற்றினாள். நாலு வரி. இன்னொருத்தர் கை போகக்கூடாது என்ற ஒரே பதற்றத்தில் வெங்கட்டிடம் சொல்லி உடனே ஏற்றினாள். பத்து மணிக்குள் ஷாப்பின் எல்லா டேப்லெட்டும் புதிதாகிவிட்டன.

வெங்கட் முழுவதையும் கேட்டார். கதவைச் சாத்தினார். "நல்லது. சரி பண்ணிட்டே. இதோட விடு. வெள்ளிக்கிழமை கமிட்டி டேப்லெட்டைப் பார்க்கும், தமிழ்ல வரும். நாம வாயத் திறந்தா கம்பெனி அவ்ளோதான். நாலு பேர் பொழப்பு, கவி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திருத்தியதன் மூலம் மங்களத்துக்கு இருந்த ஒரே சாட்சியத்தையும் அவளே துடைத்துவிட்டாள். 'ஐயோ, என்ன காரியம் செய்தேன்' என்று தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் கோடிங்கில் எழுதிய எதுவும் ஒரேயடியாக அழிவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நகல் தேதியோடு சேமிப்பில் இருக்கும். செவ்வாய்க்கிழமை ஓடிய நகலை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மங்களம் சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். கை கட்டுப்போட்டுத் தலையணைமேல் கிடந்தது. அவளைப் பார்த்ததும் மங்களமே பேச ஆரம்பித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கிற குரல்.

"என் மேலதாம்மா தப்பு. தங்கவேல் சாரு வந்தாரு. தமிழ்லதான் வந்துச்சாம், நான்தான் படிக்காம அமுக்கிட்டனாம். எனக்கு இங்கிலீஷா தெரிஞ்ச மாரி இருந்துச்சு. வைஃபை இல்லன்னு இங்கிலீஷ்ல சொம்மா வருமே, அதுன்னு நெனச்சி சரி போட்டேன். அப்பறம் நேத்து சாயங்காலம் அவரு டேப்லெட்ட எட்த்துனு வந்து காட்னாரு, தமிழ்தான் கீது. எனக்கு அறிவு கெட்டுப்போச்சா? கண்ணு அவிஞ்சுப்போச்சா? ஒன்னும் புரியல."

கவிப்பிரியா லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து, இங்கிலீஷில் திறந்து, மங்களத்தின் நம்பரைப் போட்டாள். "அக்கா, இடது கையால அந்தத் தமிழ் பொத்தானை அமுக்குங்க."

மங்களம் அமுக்கினாள். எல்லாம் மாறியது. சிவப்புப் பெட்டி மாறவில்லை.

"இதான்!" மங்களம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இதேதாம்மா! கீழ சரி, மேல இங்கிலீஷு. நான் பொய் சொல்லல பாத்தியா, என் கண்ணு நல்லாத்தான் கீது!" பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். மங்களம் அழுதாள். மூன்று நாளாக வலிக்கு அழாதவள் இதற்கு அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப எப்டி வந்திருக்கணும்?"

கவிப்பிரியா பக்கத்தை மறுபடி திறந்தாள். இந்த முறை தமிழில் திறந்தது, பெட்டியும் தமிழில் வந்தது. மங்களம் எழுத்துக் கூட்டிப் படித்தாள், வாய்விட்டு. "சென்சார் வேலை செய்யல. உள்ள கை வெக்காதீங்க."

"இது நான் சொன்னதுதானே?" என்றாள்.

"ஆமாக்கா."

"அன்னிக்கு இது எங்க போச்சு?"

"எங்கயும் போகலக்கா. உள்ளதான் இருந்துச்சு. ஃபைல்ல. நான் கேக்க வேண்டிய எடத்துல கேக்கல. என் தப்புக்கா, உங்க தப்பு இல்ல."

மங்களம் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கவிப்பிரியாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், அப்புறம் லேப்டாப்பைப் பார்த்தாள். நாளைக்குக் கமிட்டியில் என்ன எழுதப்போகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இந்தப் பெண் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதும் மங்களத்துக்குப் புரியாமல் இல்லை. பதினோரு வருஷம் கம்பெனியில் குப்பை கொட்டியவள்.

"வேல போய்டுமா உனுக்கு?"

"போய்டும்க்கா."

மங்களம் தலையை ஆட்டினாள். பாவம் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைக் கவிப்பிரியாவின் பக்கம் தள்ளினாள்.

"இப்ப சொன்னியே, அத்த அப்டியே எழுதிக் குடு. கீழ உன் பேரப் போடு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தமிழ்ல எழுது. நான் படிச்சிட்டு சரி சொல்றேன்."

கவிப்பிரியா எழுதினாள். மங்களம் இரண்டு தரம் படித்தாள்.