சுவெட்டர் மாட்டிய நாற்காலி

பதினெட்டு லட்சம் பேர் திருமால் நடப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அவர் முகம் தெரியாது. காரணம், வீடியோவில் திருமாலாக நடந்தவர் மேனகா.

திருமாலுக்கு ஐம்பத்தைந்து வயது. கம்பைநல்லூர்க்காரர். தருமபுரியில், சொட்டுநீர்க் குழாய் விற்கும் நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலகத்தில் ஆர்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டார். எதிர் மேசையில் மேனகா, இருபத்தொன்பது வயது, தினமும் மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். இருவருக்கும் ஒரே வேலை. ஆர்டர் பிரிவில் ஒருவர் போதும், ஆடி பிறப்பதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று கோவைத் தலைமை அலுவலகம் தை மாதமே மேலாளர் சந்திரனிடம் சொல்லிவிட்டது. ஐம்பத்தைந்து வயதில் இன்னொரு வேலை கிடைக்காது என்பது திருமாலுக்குத் தெரியும். அது சந்திரனுக்கும் தெரியும்.

திருமாலிடம் ஒரு பழக்கம் இருந்தது. மெயில் அனுப்புவார். அனுப்பிய கையோடு எழுந்து வந்து மேசை முன்னால் நிற்பார்.

"மெயில் போட்டிருக்கேன், பாத்தீங்களாம்மா?"

பார்க்கவில்லை என்றால் திறக்கும்வரை நிற்பார். திறந்தால், தான் எழுதியதைத் தானே குனிந்து சத்தமாக வாசித்துக் காட்டுவார். ஒரு நாளைக்கு எத்தனை மெயிலோ அத்தனை நடை. பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து அவருக்கு இடது கால் சற்று இழுக்கும். செருப்புத் தரையில் 'சரட்' என்று தேயும். அந்தச் சத்தம் கேட்டதும் அலுவலகமே மவுஸைப் பிடித்துக்கொண்டு மும்முரமாகிவிடும்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கம்பைநல்லூர் மஞ்சள் தோட்டம் ஒன்றுக்குக் குழாயின் அளவு மாறியது. திருமால் மெயிலில் சொல்லிவிட்டார். மேனகா அதைத் திறக்கவில்லை. பழைய அளவிலேயே குழாய் போய் இறங்கியது. சந்திரன் நின்ற இடத்திலேயே வைத்துத் திட்டியது திருமாலைத்தான்: "மெயில் போட்டா முடிஞ்சிதாய்யா? பாத்தாங்களான்னு நேர்ல போய்க் கேக்க வாய் இல்லியா?" அன்றிலிருந்து கேட்கிறார்.

மேனகா ஒரு வருடமாகச் சிறு நகைச்சுவை வீடியோக்கள் போட்டுவந்தார். இரண்டு பாத்திரம், ஒரே ஆள், ஒரே போன். மாமியாரும் மருமகளும், கண்டக்டரும் பயணியும். எதுவும் ஓடவில்லை. பங்குனியில் ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில், திருமால் அனுப்பி, அச்செடுத்து வைத்திருந்த மெயில் ஒன்றின் பின்பக்கத்திலேயே இதை எழுதினார்:

அண்ணன்: மெயில் போட்டிருக்கேன், பாத்தீங்களா?
பொண்ணு: இல்லண்ணா, இப்பதான் சீட்ல வந்து உக்காந்தேன்.
அண்ணன்: வாட்ஸ்அப்லயும் போட்டிருக்கேன்.
பொண்ணு: எதுக்குண்ணா?
அண்ணன்: மெயில் போட்டிருக்கேன்னு.
(பொண்ணின் போன் அடிக்கிறது. எதிரில் நிற்கும் அண்ணன் காதில் போன்.)
பொண்ணு: ண்ணா, முன்னாடிதானே நிக்கறீங்க!
அண்ணன்: வாட்ஸ்அப் பாத்தீங்களான்னு கேக்கத்தான்.
பொண்ணு: பாத்துட்டேன்! எல்லாத்தையும் பாத்துட்டேன்!
அண்ணன்: அதையே ஒரு ரிப்ளையா போட்டுடுங்க.
(போகிறார். பொண்ணு மூச்சு விடுகிறாள். திரும்பி வருகிறார்.)
அண்ணன்: உங்க ரிப்ளைக்கு நன்றின்னு மெயில் போட்டிருக்கேன். பாத்தீங்களா?

வாசித்தால் நாற்பது நொடி. சட்டை மாற்றுவது ஒரே தடவை. அதற்காக வசன வரிசையில் எடுக்காமல், மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அலுவலகத்திலேயே, முதலில் பொண்ணின் வரிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்தார். ஏ4 தாள் கட்டுகளை அடுக்கி, மேலே போனை ரப்பர் பேண்டால் கட்டினார். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டினார். பூட்டாவிட்டால் தலை அசையும்போதெல்லாம் படம் வெளுக்கும். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தினார், இல்லையென்றால் வெட்டுகிற இடமெல்லாம் இரைச்சல் துள்ளும்.

அண்ணன் நிற்கிறார், பொண்ணு உட்கார்ந்திருக்கிறாள். பொண்ணு மேலே பார்க்க வேண்டும். கேமராவுக்கு வலப்பக்கச் சுவரில் உயரமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதைப் பார்த்துப் பேசினார். அண்ணனுக்கு இடப்பக்கம், தாழ்வாக இன்னொரு ஸ்டிக்கர். இரண்டையும் ஒரே பக்கம் ஒட்டினால் இருவரும் வேறு யாரையோ பார்ப்பதுபோல் ஆகிவிடும். எதிராளியின் வரியை மெதுவாகத் தானே சொல்லி, ஒரு மூச்சு இடைவெளி விட்டுத் தன் வரியைச் சொன்னார். அந்த இடைவெளியில்தான் கத்தரி விழும். கடைசியில் வசனமே இல்லாமல் வெறும் முகம்: முறைப்பது, கண் மூடுவது, எச்சில் விழுங்குவது. சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் தம்பியின் சட்டை, கண்ணாடி, காலருக்குள் செருகிய பின்னல். அண்ணன் தயார்.

வெட்டி ஒட்டிப் பார்த்தார். இரண்டு குறை. ஒன்று, இருவரும் ஒரே அறையில் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைப் பார்க்கும் ஒரு ஷாட் வேண்டும். தோள் கொடுக்க ஆள் இல்லை. சுழல் நாற்காலியை உயரத் தூக்கி, அதன் முதுகில் ஒரு சுவெட்டரை மாட்டி, கேமராவின் முன் ஓரத்தில் மங்கலாக நிறுத்தினார். நாற்காலி மனிதனாகிவிட்டது. சுவெட்டர் திருமாலுடையது. ஏசிக்கு நேர் கீழே அவர் மேசை என்பதால் எப்போதும் அங்கே தொங்கும் பழுப்பு நிறக் கையில்லாச் சுவெட்டர், கழுத்தோரம் அவர் மனைவி செல்லி நீல நூலால் தைத்த ஒட்டு. திருமால் அப்போது கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது குறை, சிரிப்பு வரவில்லை. அண்ணன் திடீரென்று வந்து நின்றார். அவர் வருவதற்கு முன்பே ஏதாவது வர வேண்டும். மேனகா செருப்பை மாட்டி, இடது காலை இழுத்து நடந்து, அந்தச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்தார். பொண்ணின் முகத்துக்கு மேல் அதை வைத்தார். சரட்... சரட்... பொண்ணின் கண் விரிகிறது. இன்னும் யாரும் வரவில்லை. பார்க்கிறவன் அதற்குள் சிரித்துவிடுகிறான்.

அது ஓடியது.

சுவெட்டர் மங்கலாகத்தான் இருந்தது. நீல ஒட்டு மட்டும் மங்கவில்லை. நாற்காலியில் வேறு ஏதாவது சட்டையை மாட்டியிருந்தால், அது யாரோ ஒரு அண்ணன் என்று சொல்லித் திருமால் தப்பித்திருக்கலாம். மகளின் போனில் பார்த்துவிட்டுச் செல்லி கேட்டார்:

"ஏங்க, இது உங்க சுவெட்டரு இல்ல?"

"அது மாதிரி நெறைய இருக்கும்."

"தச்சவ நானு. எனக்குத் தெரியாதா?"

கம்பைநல்லூர் பஸ் நிறுத்தத்தில் பையன்கள் அவருக்குப் பின்னால் காலை இழுத்து நடந்தார்கள். வத்தல்மலையிலிருந்து குழாய் கேட்டு வந்த விவசாயி மல்லையன், பணம் கட்டிய பிறகும் போகாமல் நின்றார்.

"அந்த மெயில் அண்ணன் இங்கதான் இருக்காராமே? ஒருவாட்டி நடந்து காட்டச் சொல்லுங்க சார். எம் பேத்திக்குப் படம் புடிச்சிட்டுப் போறேன்."

சந்திரன் சிரித்துக்கொண்டே, "திருமாலு, அந்த ஃபைலை எடுத்துட்டு வா" என்றார்.

திருமால் எழுந்து போய் எடுத்து வந்தார்.

மேனகா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, கேட்கச் சொன்னவரும் இல்லை. ஒருநாள் திருமாலே அவர் மேசைக்கு வந்தார்.

"என் சுவெட்டரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா குடுத்திருப்பீங்களாண்ணா?"

"குடுத்திருப்பேன்."

"அப்பறமென்ன?"

வீடியோவைக் கோவைக்கு அனுப்பியவர் சந்திரன். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. கோவையிலிருந்து வந்த பதில் யாரும் எதிர்பாராதது. இப்படியே நம் குழாய்க்கு விளம்பரம் எடுங்கள், மாதம் நான்கு. அந்தப் பெண் எழுதட்டும். நிஜ அண்ணனே நடிக்கட்டும். நன்றாக வந்தால் இருவரும் இருக்கட்டும்.

சந்திரன் திருமாலை அழைத்தார். "உன் வேலை இப்ப உன் கால்ல இருக்குதுய்யா."

ஒரு சனிக்கிழமை மதியம் ஒத்திகை. அதே தாள் கட்டு, அதே ரப்பர் பேண்ட், விசிறி நின்ற அறை. திருமால் முடி வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"அங்கிருந்து நடந்து வாங்கண்ணா. எப்பவும் வர மாதிரி."

திருமால் நடந்தார். சத்தமே வரவில்லை. இடது காலைத் தூக்கி, நேராக வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இழுத்து நடங்கண்ணா."

"நான் எப்பவும் இப்படித்தான் நடப்பேன்."

மறுபடியும் நேராக நடந்தார். அதற்கு அடுத்த முறையும். நெற்றியில் வேர்த்தது. வசனமும் வரவில்லை. "மெயில் போட்டிருக்கேன்" என்று போனின் கண்ணைப் பார்த்துச் சொல்வார். ஸ்டிக்கரைப் பாருங்கள் என்றால், ஸ்டிக்கரிடம் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று மேனகாவைப் பார்ப்பார்.

"உங்களை மாதிரியே உங்களுக்கு வரலியேண்ணா" என்றார் மேனகா. கேலிக்காகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே எரிச்சல்.

தம்பி சட்டையை மாட்டி மேனகா ஒருமுறை நடந்து காட்டினார். சந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்துக்கோய்யா, இப்படித்தான் நீ."

மிச்சமிருந்தது தோள். திருமாலை முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். முகம் வேண்டாம், பேச்சு வேண்டாம், அசையாமல் இருந்தால் போதும். சுவெட்டர் போட்டு உட்கார்ந்தார். மேனகா எதிரே பொண்ணாக உட்கார்ந்து, "எதுக்குண்ணா மெயில் போட்டீங்க?" என்று ஆரம்பித்தார்.

"நீங்க பாக்கலியேன்னுதாம்மா" என்றார் திருமால், முன்னால் சாய்ந்து.

"கட்! உங்களுக்கு வரி இல்லண்ணா!"

அடுத்த முறை பேசவில்லை. ஆனால் கேள்வி வந்ததும் தலை தானாக நிமிர்ந்தது. அதற்கடுத்த முறையும் நிமிர்ந்தது. மேனகா எழுந்தார். "சார், நாற்காலியே பரவால்ல. அது அசையாது."

சந்திரன் யோசிக்கவே இல்லை. "முதுகுக்கு ஒரு சம்பளமா? வேண்டாம் வுடு."

ஆடிக்கு முந்தின நாள் திருமாலின் கடைசி நாள். ஆர்டர் விவரங்களை எல்லாம் மேனகாவுக்கு மெயிலில் அனுப்பினார். எழுந்தார், இரண்டு அடி வைத்தார், நின்றார், திரும்பிப் போய் உட்கார்ந்தார். டிபன் பையை மூடிவிட்டு, நாற்காலியிலிருந்து சுவெட்டரை எடுத்தார்.

"ண்ணா, அது வேணும்ணா" என்றார் மேனகா. "முதல் வீடியோல இருக்கறதுதான் அடுத்ததுலயும் இருக்கணும். மாத்தினா கமெண்ட்ல கேப்பாங்க."

திருமால் சந்திரனைப் பார்த்தார்.

"குடுத்துட்டுப் போய்யா. உங்க வூட்டுல ஏசியா இருக்குது?"

திருமால் அதை மறுபடி நாற்காலியில் மாட்டினார். சுவெட்டரின் கழுத்து கோணலாக இருந்தது. சரிசெய்துவிட்டுப் போனார். படிக்கட்டில் சரட் சரட் என்று கேட்டது. யாரும் மவுஸைப் பிடிக்கவில்லை.

அவர் கடைசியாக அனுப்பிய மெயிலை மேனகா இன்னும் திறக்கவில்லை. அதில் இருப்பது மல்லையனின் குழாய் அளவு மாற்றம். வத்தல்மலைக்கு லாரி திங்கட்கிழமை காலை கிளம்புகிறது.